மலை உச்சியில் தண்ணீர் ஏன் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது: ஒரு குமிழியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

1835 மார்ச் மாதம் சார்லஸ் டார்வின் ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் இரவு தங்கியபோது உருளைக்கிழங்கைப் பானையில் போட்டு அடுப்பில் வைத்தார்கள். தண்ணீர் பல மணி நேரம் கொதித்தது, கிழங்கு வேகவில்லை. இரவு முழுக்க பானையை அடுப்பிலேயே விட்டார்கள். காலையில் மறுபடியும் கொதிக்கவிட்டும் கிழங்கு கல்லாகவே இருந்தது. பானை புதியது, அதற்கு உருளைக்கிழங்கை வேகவைக்க விருப்பமில்லை என்று கூட வந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். டார்வினுக்குக் காரணம் தெரிந்திருந்தது: அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது.

"காற்றழுத்தம் குறைவு, அதனால் கொதிநிலை குறைவு." பள்ளியில் எல்லோரும் படித்த வரிதான். ஆனால் அந்த "அதனால்" என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பலரும் தடுமாறுகிறோம். அதை முதலில் புரிந்துகொள்வோம். அப்புறம் 3,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று நாமே கணக்குப் போட்டு, அதைத் தெர்மாமீட்டரால் சரிபார்ப்பது எப்படி என்றும் பார்ப்போம்.

முதல் படி: தவறான விளக்கத்தை ஓரம் கட்டுவது

அடிக்கடி கேட்கும் விளக்கம் இது: "காற்று மேலிருந்து அழுத்துவதால் நீர் மூலக்கூறுகள் வெளியேற முடிவதில்லை. மலையில் அழுத்தம் குறைவதால் சுலபமாக வெளியேறுகின்றன." கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் காற்று தண்ணீரின் மேல் போட்ட மூடி கிடையாது. அதன் மூலக்கூறுகளுக்கு நடுவே ஏகப்பட்ட வெற்றிடம் இருக்கிறது. கடற்கரையில் ஈரத்துணி காய்கிறதே, அங்கே காற்றழுத்தம் முழு அளவில் இருக்கும்போதுதான் நீர் மூலக்கூறுகள் மேற்பரப்பை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. 20 டிகிரியிலும் கிளம்பும், 5 டிகிரியிலும் கிளம்பும். இதற்குப் பெயர் ஆவியாதல். மேற்பரப்பில் மட்டும் நடப்பது அது.

கொதித்தல் வேறு. அது தண்ணீருக்கு உள்ளே நடப்பது. பாத்திரத்தின் அடியில் ஒரு குமிழி பிறந்து, பெருத்து, மேலே வந்து உடைகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, மூலக்கூறு எப்படித் தப்பிக்கிறது என்பதல்ல. தண்ணீருக்குள் பிறந்த குமிழி நசுங்காமல் நிற்குமா என்பதுதான்.

இரண்டாம் படி: குமிழிக்குள் எட்டிப் பார்ப்பது

அடுப்பில் இருக்கும் பாத்திரத்தின் அடிப்பகுதியில் ஒரு மிளகு அளவு குமிழியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருப்பது நீராவி. அந்த ஆவி மூலக்கூறுகள் குமிழியின் சுவரை உள்ளிருந்து முட்டித் தள்ளுகின்றன. வெளியே சுற்றிலும் இருக்கும் தண்ணீர் அதே சுவரை உள்நோக்கி அழுத்துகிறது. தண்ணீருக்கு அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது? பாத்திரத்தின் மேல் நிற்கும் காற்றிலிருந்து. காற்று தண்ணீரின் மேற்பரப்பை அழுத்துகிறது, தண்ணீர் அந்த அழுத்தத்தை அப்படியே உள்ளே எல்லாப் பக்கமும் கடத்துகிறது. காற்றழுத்தம் தன் வேலையைக் காட்டுவது இங்கேதான், குமிழியை நசுக்குவதில்.

உள்ளேயிருந்து தள்ளும் ஆவியின் அழுத்தம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. சூடு ஏற ஏற, நீரை விட்டுக் குமிழிக்குள் குதிக்கும் அளவுக்கு வேகம் கொண்ட மூலக்கூறுகள் கூடிக்கொண்டே போகும். அந்தக் கூடுதல் சீராக இருக்காது, தாவித் தாவி ஏறும். 20 டிகிரியில் ஆவியழுத்தம் 2.3 கிலோபாஸ்கல்தான். 60 டிகிரியில் அது ஏறத்தாழ 20 ஆகிவிடுகிறது. 100 டிகிரியில் 101.3. கடல் மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தமும் அதே 101.3 கிலோபாஸ்கல்தான்.

60 டிகிரியில் ஒரு நீராவிக் குமிழி பிறந்தால், உள்ளே 20, வெளியே 101. கண்ணிமைக்கும் முன் நசுங்கிப் போகும். 100 டிகிரியில் இரண்டும் சமம். குமிழி நிற்கிறது, வளர்கிறது, மேலே வருகிறது. தண்ணீர் கொதிப்பது என்றால் இதுதான். 100 என்ற எண்ணில் வேறு எந்த மந்திரமும் இல்லை. கடல் மட்டக் காற்றின் அழுத்தத்தை ஆவி எட்டிப் பிடிக்கும் இடம் அது, அவ்வளவுதான்.

இப்போது பாத்திரத்தை மலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தண்ணீரின் ஆவியழுத்தக் கணக்கு துளியும் மாறாது. மாறுவது வெளியே நசுக்கும் அழுத்தம் மட்டும். அது குறைந்ததால், குமிழியைக் காப்பாற்றக் குறைந்த ஆவியழுத்தமே போதும். குறைந்த ஆவியழுத்தத்துக்குக் குறைந்த சூடே போதும்.

மலையில் குளிராக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிரும் வீசும் காற்றும் பாத்திரத்தைச் சூடேற்ற ஆகும் நேரத்தை நீட்டும். கொதிக்கும் டிகிரியை அவை தொடுவதில்லை.

மூன்றாம் படி: கையில் பிடித்துப் பார்ப்பது

மலை ஏறாமலே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும்.

முதலில் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றத்தான் இது. பிறகு கலக்காமல் அசைக்காமல் 60 டிகிரிக்கு ஆறவிடுங்கள். அந்தச் சூடும் தோலைச் சுடக்கூடியதே, ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிரிஞ்சில் 5 மில்லி இழுத்து, முனையை மேலே பார்க்கப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் காற்றை முழுக்க வெளியே தள்ளுங்கள். முனையை ரப்பர் மூடியால் இறுக்கி அடைத்துவிட்டு, பிஸ்டனை மெதுவாகப் பின்னால் இழுங்கள்.

முதலில் எதுவும் நடக்காதது போல இருக்கும். பிஸ்டன் அடம் பிடிக்கும். பிறகு சட்டென்று தண்ணீருக்குள் குமிழிகள் பொங்கும். அடுப்பு இல்லை, தீ இல்லை, 60 டிகிரித் தண்ணீர் கொதிக்கிறது. அந்தக் கணத்தில் சிரிஞ்சுக்குள் அழுத்தம் சுமார் 20 கிலோபாஸ்கல். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில், பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தில் இருக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் இது.

உங்கள் கை உணர்ந்த அந்த அடம் எதனால்? பிஸ்டனின் பரப்பு சுமார் 3 சதுர சென்டிமீட்டர். வெளிக்காற்றுக்கும் உள்ளே இருக்கும் ஆவிக்கும் உள்ள வித்தியாசம் 81 கிலோபாஸ்கல். பெருக்கினால் 24 நியூட்டன் வரும், அதாவது சுமார் இரண்டரைக் கிலோ எடையைத் தூக்குகிற விசை. ஒவ்வொரு நீராவிக் குமிழியையும் நசுக்கிக்கொண்டிருந்த காற்றை இப்போது நீங்கள் கையால் தடுத்துப் பிடித்திருக்கிறீர்கள்.

பிஸ்டனை விட்டுவிடுங்கள். குமிழிகள் மாயமாய் மறையும். கடைசியில் ஒரு குட்டிக் குமிழி மட்டும் கரையாமல் மிதந்தால், அது நீராவி அல்ல, மிச்சமிருந்த காற்று. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். அடுப்பில் வைத்த தண்ணீரில் 50, 60 டிகிரியிலேயே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் சின்னக் குமிழிகளும் காற்றுதான். அதைப் பார்த்துவிட்டுக் "கொதிக்க ஆரம்பித்துவிட்டது" என்று குறித்துக்கொண்டால் அளவு முழுக்கத் தவறாகிவிடும். பெரிய குமிழிகள் அடியிலிருந்து மேல்வரை உடையாமல் வந்து, தெர்மாமீட்டரின் எண் ஏறாமல் நின்றால்தான் கொதிநிலை.

நான்காம் படி: உயரத்திலிருந்து அழுத்தம்

மேலே போகப் போக அழுத்தம் ஏன் குறைகிறது? நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடைதான் காற்றழுத்தம். ஏறும்போது அந்தக் காற்றில் ஒரு பகுதியைக் காலுக்குக் கீழே விட்டுவிட்டு வருகிறோம், மேலே மிச்சமிருப்பது குறைகிறது. 1648 செப்டம்பர் 19 அன்று, பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, அவருடைய அக்காள் கணவர் ஃபுளோரன் பெரியே பிரான்சிலுள்ள பியூய் தெ டோம் மலைமேல், காற்றழுத்தத்தை அளக்கும் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அடிவாரத்தில் இருந்த அளவை விட உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டர் போல இறங்கி நின்றது. காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு அது கண்கூடான சாட்சி.

இந்தக் குறைவு நேர்கோட்டில் போகாது. கீழே இருக்கும் காற்று மேலே இருக்கும் காற்றின் பாரத்தால் நெருங்கி அடர்த்தியாக இருக்கிறது. அதனால் முதல் ஆயிரம் மீட்டரில் அழுத்தம் அதிகமாக விழும், அடுத்தடுத்த ஆயிரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து விழும். சுமார் 5.5 கிலோமீட்டரில் பாதியாகிவிடும். வானிலை ஆய்வாளர்களும் விமானிகளும் பயன்படுத்தும் சராசரி வளிமண்டலச் சூத்திரம் இது. `h` என்பது மீட்டரில் உயரம், `P` கிலோபாஸ்கலில் அழுத்தம்:

```
P = 101.325 × (1 − 0.0000225577 × h)^5.25588
```

நம் 3,600 மீட்டரைப் போட்டுப் பார்ப்போம். அடைப்புக்குள் 1-லிருந்து 0.0812 கழிந்து 0.9188 வரும். அதை 5.25588 அடுக்குக்கு உயர்த்தினால் 0.6407. 101.325-ஆல் பெருக்க 64.9 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் இருந்த அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே குமிழியை நசுக்கக் காத்திருக்கிறது.

கையில் காற்றழுத்தமானி இருந்தால் சூத்திரமே வேண்டாம், நேரே அளந்துகொள்ளலாம். பல போன்களிலும் அந்த உணரி இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது, தெரிந்தவர்களே இதில் விழுகிறார்கள். வானிலைச் செயலி காட்டும் அழுத்தத்தை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண். வெவ்வேறு உயரத்தில் உள்ள ஊர்களின் வானிலையை ஒப்பிட அப்படி மாற்றுவார்கள். நீங்கள் 3,600 மீட்டரில் நின்றுகொண்டிருப்பீர்கள், செயலியோ 1013 ஹெக்டோபாஸ்கல், அதாவது 101.3 கிலோபாஸ்கல் என்று காட்டும். அதை நம்பினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று கணக்கு வரும். மலைமேல் இருந்துகொண்டு 1000 ஹெக்டோபாஸ்கலை ஒட்டிய எண்ணைக் கண்டாலே சந்தேகப்படுங்கள். நமக்கு வேண்டியது அந்த இடத்திலேயே நிலவும் உண்மையான அழுத்தம். 3,600 மீட்டரில் அது 649 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அழுத்தத்திலிருந்து கொதிநிலை

இப்போது குமிழிக்குள் திரும்ப வருவோம். எந்த வெப்பநிலையில் நீரின் ஆவியழுத்தம் 64.9 ஆகும்? அதுதான் விடை. இதற்கு ஆவியழுத்த அட்டவணையில் நான்கைந்து வரி போதும்:

| வெப்பநிலை | ஆவியழுத்தம் (கிலோபாஸ்கல்) |
|---|---|
| 70 டிகிரி | 31.2 |
| 80 டிகிரி | 47.4 |
| 85 டிகிரி | 57.9 |
| 90 டிகிரி | 70.2 |
| 100 டிகிரி | 101.3 |

64.9 என்பது 85-க்கும் 90-க்கும் நடுவே விழுகிறது. 57.9-லிருந்து 7 கூட வேண்டும். இந்த ஐந்து டிகிரி இடைவெளியில் மொத்தம் 12.3 ஏறுகிறது. 7-ஐ 12.3-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 2.8. ஆக 87.8. ஏற்றம் நேர்கோடாக இல்லாமல் வளைந்து போவதால் உண்மையான விடை இதைவிடக் கொஞ்சம் மேலே, 88 டிகிரியை ஒட்டி வரும்.

மனக்கணக்காகச் சொல்ல வேண்டுமென்றால், 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கழியுங்கள். 3,600-ஐ 300-ஆல் வகுத்தால் 12, நூறிலிருந்து கழித்தால் 88. மனிதர்கள் ஏறிப்போகும் உயரங்களுக்கு இந்தக் குறுக்குவழி நன்றாகவே கைகொடுக்கிறது.

எவரெஸ்ட்டில் மட்டும் கவனம் வேண்டும். 8,848 மீட்டர் உயரத்துக்கு நம் சூத்திரம் 31.4 கிலோபாஸ்கல் என்கிறது, அதாவது 70 டிகிரியில் கொதிக்கும். ஆனால் 1981 அக்டோபரில் ஒரு மருத்துவ ஆய்வுக் குழு உச்சியிலேயே அளந்தபோது 253 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது 33.7 கிலோபாஸ்கல் இருந்தது. அதற்குக் கொதிநிலை 72-ஐ நெருங்கும். சூத்திரம் உலகத்தின் சராசரிக்கு எழுதப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகே போகப் போக வளிமண்டலத்தின் கீழடுக்கு தடிமனாக இருக்கிறது, எவரெஸ்ட் அந்தப் பக்கமாக இருப்பதால் உச்சியில் எதிர்பார்த்ததைவிடக் காற்று கூடுதலாகக் கிடைக்கிறது. ஆக்சிஜன் உருளை இல்லாமல் மனிதர்கள் அங்கே ஏற முடிந்ததற்கும் இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு காரணம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆறாம் படி: அளந்து பார்ப்பது

முதலில் தெர்மாமீட்டரை நம்பலாமா என்று பாருங்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த கலவையில் அதை வைத்து, சில நிமிடம் கலக்குங்கள். 0 காட்ட வேண்டும். பனியின் உருகுநிலையை உயரம் கிட்டத்தட்ட மாற்றுவதே இல்லை, அதனால் மலைமேலும் இந்தச் சோதனை செல்லும். 1 டிகிரி காட்டினால், அந்தப் பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். கொதிநிலையில் 1 டிகிரிப் பிழை என்றால் உயரக் கணக்கில் 300 மீட்டர் தவறு.

அடுத்து, தெர்மாமீட்டரை எங்கே வைப்பது என்பது. பாத்திரத்தின் அடியைத் தொட்டால் அது உலோகத்தின் சூட்டைக் காட்டும். ஆழத்தில் வைத்தாலும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் அங்கே காற்றோடு சேர்த்து மேலே நிற்கும் தண்ணீரும் குமிழியை அழுத்துகிறது. 10 சென்டிமீட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1 கிலோபாஸ்கல் கூட்டும். நம் 88 டிகிரியில் அது 0.4 டிகிரி வித்தியாசம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மிகச் சிறிய குமிழியை, நீரின் பரப்பு இழுவிசை ரப்பர் பை போல இறுக்குகிறது. பாத்திரத்தில் கீறல், சொரசொரப்பு இருந்தால் அதில் சிக்கிய காற்றைப் பிடித்துக்கொண்டு குமிழி வளரும். வழுவழுப்பான கண்ணாடியில் அப்படிப் பிடிமானம் கிடைக்காது. தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் அமைதியாக இருந்துவிட்டு, திடீரென்று குதித்துப் பொங்கும். எண் ஏறி இறங்கி அலைபாய்ந்தால் இதுதான் நடக்கிறது. ஒரு உடைந்த ஓட்டுத்துண்டைத் தண்ணீர் சூடாகும் முன்பே போட்டுவிட்டால் கொதிப்பு சீராகும். சூடான பிறகு போடாதீர்கள், பொங்கி மேலே தெறிக்கும்.

பழைய மலையளவையாளர்கள் இந்தத் தொல்லை எல்லாவற்றையும் ஒரே வழியில் தவிர்த்தார்கள்: தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்காமல், அதற்கு மேலே எழும் ஆவியில் பிடித்தார்கள். தண்ணீர் சற்றே கூடுதலாகச் சூடேறியிருந்தாலும், உப்புக் கலந்திருந்தாலும், தெர்மாமீட்டரின் குண்டில் படிந்து வடியும் ஆவி சரியான கொதிநிலையையே காட்டும். ஹிப்சோமீட்டர் என்ற கருவி இதற்காகவே செய்யப்பட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, டிகிரியைப் படித்து, அதிலிருந்து மலையின் உயரத்தைச் சொல்லும். நாம் போட்ட கணக்கையே தலைகீழாகப் போட்டார்கள்.

அளந்த எண் கணக்கோடு அரை டிகிரி விலகினால் பதற வேண்டாம். கடல் மட்டத்தில்கூட வானிலை மாறும்போது அழுத்தம் 2 கிலோபாஸ்கல் வரை ஏறி இறங்குவது சாதாரணம், அதற்கே கொதிநிலை அரை டிகிரி நகரும். இரண்டு மூன்று டிகிரி விலகினால் வானிலையைக் குறை சொல்ல முடியாது. அப்போது தெர்மாமீட்டரையோ, அதை வைத்த இடத்தையோ, எடுத்துக்கொண்ட அழுத்தத்தையோ மறுபடி பாருங்கள்.

ஏழாம் படி: வேகாத கிழங்குக்கு என்ன செய்வது

தீயைக் கூட்டினால் உதவாது. கொதிக்கத் தொடங்கியபின் கூடுதல் சூடெல்லாம் கூடுதல் ஆவியாகத்தான் போகும், தண்ணீர் 88-லேயே நிற்கும். டார்வினின் ஆட்கள் இரவெல்லாம் எரித்த விறகு அப்படித்தான் ஆவியாகப் போனது. சாதாரண மூடியும் சிக்கனம் தரும், டிகிரியைக் கூட்டாது. ஆவி கசிந்துகொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுவதில்லை.

வெளியே குறைந்த அழுத்தத்தை உள்ளே நாமே திருப்பிக் கொடுத்தால்தான் வழி. பிரஷர் குக்கர் செய்வது அதுதான். ஆனால் அதன் வெயிட் தூக்கிக்கொள்வது, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிட ஒரு குறிப்பிட்ட அளவு கூடும்போது. அந்த வித்தியாசம் 100 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் உள்ளே 201 ஆகும், தண்ணீர் 120 டிகிரி வரை போகும். 3,600 மீட்டரில் 65-உடன் 100 சேர்ந்து 165 ஆகும், 114 டிகிரிதான் கிடைக்கும். அதனால் குக்கரும் மலைமேல் சற்று மெதுவாகவே வேகவைக்கும். ஆனாலும் திறந்த பாத்திரத்தின் இழப்பு 12 டிகிரி, குக்கரின் இழப்பு 6 மட்டும். அந்த 6 டிகிரியை ஈடுகட்ட, விசில் வந்தபிறகு அடுப்பில் வைக்கும் நேரத்தை ஏறத்தாழ பாதிப் பங்கு கூட்டி ஆரம்பித்து, கிழங்கைக் குத்திப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.